அரைவட்டத்தில் அமர்ந்த துருவங்கள்

சப்வூஃபருக்கு 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டும் போக வேண்டும். அதற்கு மேலே உள்ளது நின்றுவிட வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மின்சுற்றுதான் தாழ்-கடத்தி வடிகட்டி. கடத்தும் பகுதியில் மேடுபள்ளமே இல்லாத வடிகட்டியை எப்படி அமைப்பது என்று பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீபன் பட்டர்வொர்த் 1930-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது.

அவருடைய சூத்திரம் சிறியது:

```
|H| = 1 / √(1 + (f/fc)^(2n))
```

இதில் fc வெட்டு அதிர்வெண். n வடிகட்டியின் படி. வெட்டு அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 200 ஹெர்ட்ஸ் ஒலியில் முதல்படி வடிகட்டி 45 சதவீதத்தை விட்டுவிடும். இரண்டாம்படி 24 சதவீதம். நான்காம்படி 6 சதவீதம் மட்டுமே. படி ஒன்று கூடும்போது, வெட்டு அதிர்வெண்ணுக்கு வெகு மேலே, அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக 6 டெசிபல் சரிவு கிடைக்கிறது.

கீழ்ப்பக்கமும் மேம்படுகிறது. 50 ஹெர்ட்ஸில் முதல்படி வடிகட்டி 89 சதவீதம் கடத்த, நான்காம்படி 99.8 சதவீதம் கடத்துகிறது. ஆனால் சரியாக 100 ஹெர்ட்ஸில் எந்தப் படியானாலும் 70.7 சதவீதம்தான். எல்லா வளைகோடுகளும் அந்த ஒரு புள்ளி வழியாகவே செல்கின்றன.

இந்தத் தட்டைத்தன்மை எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு வடிகட்டிக்கும் அதன் படி எவ்வளவோ அத்தனை துருவங்கள் உண்டு. சுற்றைத் தட்டிவிட்டால் அது எவ்வளவு வேகமாக அதிரும், எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதை அவை சொல்கின்றன. பட்டர்வொர்த் சூத்திரத்தின் பகுதியில் அதிர்வெண்ணின் ஒரே ஓர் அடுக்குதான் இருக்கிறது. அப்படிப்பட்ட சமன்பாட்டின் மூலங்கள் ஒரு வட்டத்தில் சம இடைவெளியில்தான் விழும். வலப்பாதியில் விழுபவை அதிர்வை வளரவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, இடப்பக்க அரைவட்டத்தில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான்காம்படிக்கு அடுத்தடுத்த துருவங்களுக்கு இடையே 45 பாகை.

இதை மறந்தால் ஒரு தவறு நேரும். இரண்டு இரண்டாம்படி பட்டர்வொர்த் சுற்றுகளை அடுத்தடுத்து மாட்டினால் நான்காம்படி பட்டர்வொர்த் கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. இரண்டின் துருவங்களும் ஒரே இடத்தில் குவிகின்றன. 100 ஹெர்ட்ஸில் 0.707 × 0.707 = 0.5, அதாவது பாதியே மிஞ்சுகிறது. சரியான நான்காம்படியில் இரு பகுதிகளும் வேறுபட்டவை. மெய்யச்சுக்கு 22.5 பாகையில் இருக்கும் இணை, வெட்டு அதிர்வெண்ணில் 0.541 மடங்கு கடத்துகிறது, 67.5 பாகையில் இருக்கும் இணை 1.307 மடங்காக உயர்த்துகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.707. முதல் இணையின் தொய்வை இரண்டாவதின் மேடு நிரப்புவதால்தான் மொத்த வளைகோடு தட்டையாகிறது.

படியைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. படி ஏற ஏற, கடைசி இணை கற்பனை அச்சை நெருங்குகிறது. அதிர்வு அடங்க நேரமாகிறது. திடீரென்று உயரும் சமிக்ஞையைக் கொடுத்தால், வெளியீடு தன் இறுதி அளவைத் தாண்டிச் சென்று திரும்புகிறது. இந்தத் தாண்டல் இரண்டாம்படியில் சுமார் 4 சதவீதம்; நான்காம்படியில் ஏறத்தாழ 11 சதவீதம்.