கூற்றை மூடிவிட்டுக் காரணத்தைப் படியுங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியல் பயிற்சித்தாளில் 'கூற்று – காரணம்' பகுதி வந்தால், பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் படிப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது நான் முதலில் எடுப்பது இந்த வினாவைத்தான்:

கூற்று: நிலவில் ஒருவரின் எடை, பூமியில் உள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.
காரணம்: நிலவில் பூமியைப் போன்ற வளிமண்டலம் இல்லை.

அ) இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது
ஆ) இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்கவில்லை
இ) கூற்று சரி, காரணம் தவறு
ஈ) கூற்று தவறு, காரணம் சரி

பலர் உடனே 'அ' என்று எழுதிவிடுவார்கள். காற்று இல்லை, அதனால் எடை குறைவு என்று படிக்கும்போது காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது காரணத்தைக் கையால் மூடிக்கொண்டு கூற்றை மட்டும் பார்ப்போம். 60 கிலோகிராம் நிறை உள்ளவரின் எடை பூமியில் சுமார் 588 நியூட்டன். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி² என்பதால் அங்கே அவர் எடை சுமார் 97 நியூட்டன். ஆறில் ஒரு பங்குதான். கூற்று சரி. இந்த இடத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'எடை' இருக்கும் இடத்தில் 'நிறை' என்று போட்டிருந்தால் கூற்று தவறாகிவிடும். நிறை எங்கே போனாலும் அதே 60 கிலோகிராம்தான். அப்போது விடை 'ஈ'.

அடுத்து கூற்றை மூடிவிட்டுக் காரணத்தைப் படிப்போம். நிலவைச் சுற்றி மிக மிக மெல்லிய வாயு அணுக்களே இருக்கின்றன. பூமியைப் போன்ற வளிமண்டலம் அங்கே இல்லை. காரணமும் சரி. 'நிலவில் ஈர்ப்பு விசையே இல்லை' என்று காரணம் தரப்பட்டிருந்தால் அது தவறு, விடை 'இ'. ஒன்று தவறு என்று தெரிந்துவிட்டால், விளக்குகிறதா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை.

இரண்டும் சரி என்றான பிறகுதான் மூன்றாவது கேள்வி. இரண்டுக்கும் நடுவே 'ஏனெனில்' என்று போட்டுப் படித்தால் மட்டும் போதாது. சம்பந்தமில்லாத வாக்கியங்களையும் அந்தச் சொல் ஒட்டிவிடும். காரணத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்: நிலவுக்குக் காற்று வந்துவிட்டால் அங்கே எடை கூடுமா? கூடாது. ஓர் இடத்தின் ஈர்ப்பு முடுக்கத்தை அந்தக் கோளின் நிறையும் ஆரமும் முடிவு செய்கின்றன. நிலவின் நிறை பூமியின் நிறையில் சுமார் 81-இல் ஒரு பங்கு. இதை மட்டும் பார்த்தால் எடையும் 81-இல் ஒரு பங்காக வேண்டும். ஆனால் நிலவின் ஆரம் பூமியின் ஆரத்தில் சுமார் 3.7-இல் ஒரு பங்கு. மையத்துக்கு அவ்வளவு அருகில் நிற்பதால் ஈர்ப்பு ஏறக்குறைய 13.5 மடங்கு கூடுகிறது. 81-ஐ 13.5-ஆல் வகுத்தால் 6. இந்தக் கணக்கில் காற்றுக்கு எங்குமே இடமில்லை. விடை 'ஆ'.

அப்படியானால் இரண்டும் ஏன் தொடர்புடையவை போலத் தோன்றின? தொடர்பு உண்டு, ஆனால் திசை தலைகீழ். நிலவின் ஈர்ப்பு குறைவு. அதை விட்டுத் தப்ப நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் போதும். பூமியில் 11.2 கிலோமீட்டர் வேண்டும். அதனால் வாயுக்களை நிலவால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. விளைவைக் காரணத்தின் இடத்தில் வைத்துத் தருவது இவ்வகை வினாக்களில் அடிக்கடி வரும் பொறி.

இதே காரணத்தை வேறொரு கூற்றுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், நிலவில் ஒரு கையில் 1.32 கிலோகிராம் சுத்தியலையும் மறு கையில் ஓர் இறகையும் பிடித்து ஒரே சமயத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. 'நிலவில் சுத்தியலும் இறகும் ஒரே நேரத்தில் விழும்' என்பது கூற்றானால், 'வளிமண்டலம் இல்லை' என்பது அதைச் சரியாக விளக்கும். காற்றை வரவழைத்துப் பாருங்கள்: இறகு மிதந்து பின்தங்கிவிடும். விடை 'அ'.

விடைகளின் வரிசை தாளுக்குத் தாள் மாறும். ஆகவே 'அ', 'ஆ' என்று மனப்பாடம் செய்து பயனில்லை. விடைகளைப் பார்க்கும் முன்பே கூற்றின் ஓரத்திலும் காரணத்தின் ஓரத்திலும் சரி, தவறு என்று தனித்தனியே பென்சிலால் குறித்துவிடச் சொல்லுங்கள். இரண்டுமே சரி என்று விழுந்தால் மட்டும், காரணத்தை மாற்றிப் பார்க்கும் வேலை பாக்கி.