மூடத் தெரிந்தால் போதாது, திறக்கவும் தெரிய வேண்டும்

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோரின் குழு 1975-இல் பன்றி மூளையிலிருந்து இரண்டு சிறிய பெப்டைடுகளைப் பிரித்து அடையாளம் கண்டது. இரண்டும் உடலுக்குள் மார்ஃபின் செய்யும் வேலையைச் செய்பவை. அவற்றில் ஒன்று லூசின் என்கெஃபலின். டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின், லூசின் என்ற வரிசையில் ஐந்தே அமினோ அமிலங்கள் அதில் உண்டு. முதுநிலை வேதியியல் மாணவர் ஒருவர் ஆய்வக மேசையிலேயே இதைச் செய்துவிட முடியும். பெப்டைடு கட்டும் கலையின் முக்கியமான சிக்கல்கள் எல்லாம் இந்த ஐந்து கண்ணிகளிலேயே வந்துவிடுகின்றன.

முதல் சிக்கல், அமினோ அமிலத்துக்கு இரண்டு முனைகள் இருப்பது. ஒரு முனையில் அமீன், மறுமுனையில் கார்பாக்சில். ஒன்றின் கார்பாக்சில் மற்றதன் அமீனோடு சேர்ந்தால் பெப்டைடு பிணைப்பு உருவாகும். ஆனால் ஃபினைல்அலனினையும் லூசினையும் அப்படியே கலந்து வினைபுரிய விட்டால், எது எதன் முன்னால் போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டே கண்ணிகள் கொண்ட பொருளிலேயே நான்கு வகை வரும்; அவையும் மேலும் நீண்டுகொண்டே போகும். ஆகவே ஒன்றின் அமீனையும் மற்றதன் கார்பாக்சிலையும் மூடிவைத்துவிட்டு, திறந்திருக்கும் இரண்டை மட்டும் சேர விட வேண்டும். அப்படி மூடப் பயன்படுவதே காப்புத் தொகுதி.

அமீனை மூடுவது ஒருபோதும் பெரிய வேலையாக இருந்ததில்லை. அசிட்டைல் தொகுதியைப் போட்டால் மூடிவிடும். ஆனால் அதுவும் ஓர் அமைடு. பெப்டைடு பிணைப்பும் ஓர் அமைடு. ஒன்றை உடைக்கும் அளவுக்கு அமிலத்தில் கொதிக்க வைத்தால் மற்றதும் உடையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எமில் ஃபிஷருக்கு இருந்த தடை இதுதான். 1932-இல் மாக்ஸ் பெர்க்மனும் லியோனிடாஸ் செர்வாஸும் அதற்கு வழி கண்டார்கள். அவர்கள் அமீனை கார்பமேட்டாக மூடினார்கள். ஹைட்ரஜனும் பல்லேடியமும் கொண்டு அதை நீக்கும்போது பெப்டைடு பிணைப்புக்கு எதுவும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஒரு காப்புத் தொகுதியை மதிப்பிடும் கேள்வி, அது எதற்குத் திறக்கும், எதற்குத் திறக்காது என்பதாக ஆனது.

இன்று பரவலாகப் பயன்படும் முறையில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கின்றன. அமீன் முனைக்கு எஃப்மாக் என்ற காப்பு. லூயி கார்பினோவும் கிரேஸ் ஹானும் 1970-இல் அறிமுகப்படுத்திய இது காரத்துக்குத் திறக்கும், அமிலத்துக்கு அசையாது. டைரோசினின் பக்கக் கிளையில் இருக்கும் ஹைட்ராக்சிலுக்கு மூவிணைய பியூட்டைல் காப்பு. இது அமிலத்துக்குத் திறக்கும், காரத்துக்கு அசையாது. ஒவ்வொரு சுற்றிலும் எஃப்மாக் திறந்து மூடினாலும் பியூட்டைல் கடைசி நாள்வரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

மூட வேண்டிய இன்னொரு முனை, கடைசிக் கண்ணியான லூசினின் கார்பாக்சில். அதை மூடும் வேலையை ரெசின் மணிகளே செய்துவிடுகின்றன. 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு வெளியிட்ட இந்த எண்ணத்துக்கு 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. சங்கிலி மணியில் ஒட்டியே வளரும். மிஞ்சிய வினைபொருளை, அரிசி களைவதுபோல் கரைப்பானை ஊற்றி வடித்துவிடலாம். எதையும் படிகமாக்கிப் பிரிக்க வேண்டியதில்லை.

நம் பெப்டைடுக்கு 2-குளோரோடிரைட்டைல் குளோரைடு ரெசின் ஏற்றது. டைகுளோரோமீத்தேனில் மணிகளை ஊற வைத்து, எஃப்மாக் லூசினையும் ஒரு மூவிணைய அமீன் காரத்தையும் சேர்த்தால் கார்பாக்சிலேட்டு தானாகவே டிரைட்டைல் கார்பனில் போய் ஒட்டும். கார்பாக்சிலை முன்கூட்டித் தூண்டிவிட வேண்டியதில்லை. ஒட்டாமல் மிஞ்சிய இடங்களை மெத்தனால் ஊற்றி அடைத்துவிட வேண்டும். ஒரு கிராம் மணியில் 0.5 மில்லிமோல் லூசின் ஏறியிருந்தால், 200 மில்லிகிராம் மணியில் இருப்பது 0.1 மில்லிமோல். அது முழுவதும் பெப்டைடாக மாறினால் 55.6 மில்லிகிராம் கிடைக்கும்.

இனிச் சுற்று தொடங்குகிறது. டி.எம்.எஃப். கரைப்பானில் 20 சதவீதம் பைப்பெரிடின் கலந்து ஊற்றினால், எஃப்மாக்கின் ஃபுளோரீன் வளையத்திலுள்ள அமிலத்தன்மை மிக்க ஹைட்ரஜனை அது பறிக்கும். தொகுதி சிதைந்து கார்பன் டைஆக்சைடு வெளியேற, லூசினின் அமீன் திறக்கும். உதிர்ந்த துண்டை பைப்பெரிடினே பிடித்துக்கொள்ளும். அந்தச் சேர்மம் 301 நானோமீட்டரில் புறஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சுவதால், வடித்த நீர்மத்தை அளந்தே எவ்வளவு திறந்தது என்று கணக்கிட்டுவிடலாம். பிறகு மணிகளைப் பலமுறை கழுவ வேண்டும். பைப்பெரிடின் கொஞ்சம் தங்கினாலும் அடுத்து வரும் எஃப்மாக்கையும் அது அகாலத்தில் திறந்துவிடும். ஒரு கண்ணி சேர வேண்டிய இடத்தில் இரண்டு சேரும்.

அடுத்தது இணைப்பு. எஃப்மாக் ஃபினைல்அலனின் 0.4 மில்லிமோல், அதாவது 155 மில்லிகிராம். ஹெச்.பி.டி.யூ. என்ற இணைப்புக் காரணி 0.39 மில்லிமோல், ஏறக்குறைய 148 மில்லிகிராம். டி.ஐ.பி.ஈ.ஏ. என்ற காரம் 0.14 மில்லிலிட்டர். காரம் அமிலத்தைக் கார்பாக்சிலேட்டாக மாற்றும். அது காரணியைத் தாக்கி, பென்சோடிரையசோல் எஸ்டராக மாறும். மணியிலிருக்கும் அமீன் அந்த எஸ்டரைத் தாக்கும்போது பெப்டைடு பிணைப்பு உருவாகும். உடன் பிறக்கும் டெட்ராமெத்தில் யூரியா டி.எம்.எஃப்.-இல் கரைந்து போய்விடும். காரணி அமிலத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அது மிஞ்சினால் நேராக அமீனையே தாக்கி, குவானிடின் தொப்பி ஒன்றைப் போட்டுவிடும். அந்தச் சங்கிலி அத்தோடு நின்றுபோகும்.

வினை முடிந்ததா என்று அறிய கைசர் சோதனை இருக்கிறது. சில மணிகளை எடுத்து நின்ஹைட்ரின் கலவைகளைச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். நீலமானால் திறந்த அமீன் இன்னும் மிச்சமிருக்கிறது. இணைப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம். நான்கு இணைப்புகளும் 99 சதவீதம் முடிந்தால் மொத்தம் 96 சதவீதம் சரியான சங்கிலி. ஒவ்வொன்றும் 90 சதவீதத்தில் நின்றால் 66 சதவீதம்தான். நீலத்தைக் கண்டும் காணாமல் கடந்தால், கிளைசின் ஒன்று விடுபட்ட நான்கு கண்ணிச் சங்கிலிதான் கடைசியில் கலந்து வரும்.

பாடத்திட்டத்தில் பலர் மேலோட்டமாகக் கடந்துவிடும் ஒரு கேள்வி இங்கே எழுகிறது. சங்கிலியை ஏன் எப்போதும் கார்பாக்சில் முனையிலிருந்து தொடங்கி வளர்க்கிறோம்? டைரோசினிலிருந்து தொடங்கினால் என்ன?

விடை, தூண்டப்பட்ட கார்பாக்சிலின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கே இருப்பது பெப்டைடு அமைடு என்றால், அதன் ஆக்சிஜன் திரும்பி வந்து தன் சங்கிலியின் கார்பாக்சிலையே தாக்கி, ஐந்தணு வளையமான ஆக்சசோலோனை உருவாக்கும். அந்த வளையத்தில் ஆல்ஃபா ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். மறுபடி ஒட்டும்போது எந்தப் பக்கமும் வரலாம். எல் வடிவம் டி வடிவமாகக் கலந்துபோகும். பக்கத்தில் கார்பமேட்டு இருந்தால் இந்த வளையம் எளிதில் உருவாகாது. கார்பாக்சில் முனையிலிருந்து வளர்க்கும்போது, ஒவ்வொரு முறையும் தூண்டப்படுவது எஃப்மாக் அணிந்த ஒற்றை அமினோ அமிலம்தான். எனவே அமீனை மூடுவதோடு எஃப்மாக்கின் வேலை முடிவதில்லை. அந்தக் கார்பனின் வடிவத்தையும் அதுவே காக்கிறது. எஃப்மாக்கும் ஒரு கார்பமேட்டு என்பதுதான் இதற்கு அடிப்படை.

இரண்டு கிளைசினும் கடைசியாக டைரோசினும் சேர்ந்து, இறுதி எஃப்மாக்கையும் நீக்கியபின் மணியிலிருந்து இறக்க வேண்டும். டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம் 95 பங்கு, தண்ணீர் இரண்டரை, டிரைஐசோபுரோப்பைல் சைலேன் இரண்டரை என்பது வழக்கமான கலவை. பெப்டைடு இறங்கும், டைரோசினின் பியூட்டைலும் விழும். விழும்போது அது நேர்மின் அயனியாகவே விழுகிறது. பிடிக்க ஆள் இல்லையென்றால் டைரோசினின் வளையத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் சைலேனும் அதைப் பிடிக்கத்தான். பிறகு குளிர்ந்த ஈதரில் ஊற்றினால் பெப்டைடு வெள்ளையாகப் படியும்.

நிறை நிறமாலையில் 556.3 என்ற எண் வந்தால் மகிழலாம். 499.3 வந்தால் கிளைசின் ஒன்று விடுபட்டிருக்கிறது. 612 அல்லது 613-க்கு அருகில் ஏதாவது தெரிந்தால் அவசரப்படக்கூடாது. பியூட்டைல் தங்கினால் கூடுவது 56. கிளைசின் ஒன்று அதிகம் சேர்ந்தால் 57. ஆகவே முதல் பொருள் 612.3-இலும் இரண்டாவது 613.3-இலும் வரும். 612.3 தான் என்றால் அமிலக் கலவையில் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். மறைந்துவிட்டால் அது திறக்காமல் விட்ட காப்பு. மறையவில்லை என்றால் பியூட்டைல் வளையத்தின் கார்பனிலேயே ஒட்டியிருக்கிறது. இனி எடுக்க முடியாது.

நிறைமானிக்குத் தெரியாத பிழையும் ஒன்று உண்டு. எல் வடிவமும் டி வடிவமும் ஒரே நிறை. ஆனால் நம் சங்கிலியில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இரண்டுதான். கிளைசினுக்குக் கண்ணாடிப் பிம்பமே இல்லை. லூசின் தூண்டப்படாமலே மணியில் ஏறியது. மிஞ்சுவது ஃபினைல்அலனினும் டைரோசினும். அவற்றில் ஒன்று மட்டும் புரண்டிருந்தால் அது வேறொரு பொருளாகிவிடும், ஹெச்.பி.எல்.சி.யில் தனி முகடாகப் பிரித்துக் காண முடியும்.

இதே பெப்டைடைக் கரைசலில் இரண்டு துண்டுகளாகச் செய்து சேர்க்கச் சொன்னால் எங்கே வெட்டுவது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். துண்டைச் சேர்க்கும்போது தூண்டப்படுவது பெப்டைடின் முனை, கார்பமேட்டின் காப்பு அங்கே கிடைக்காது. ஃபினைல்அலனினுக்குப் பின்னால் வெட்டினால் ஆக்சசோலோன் வந்து அதன் வடிவத்தைக் கலைக்கும். இரண்டாம் கிளைசினுக்குப் பின்னால் வெட்டினால் வளையம் வந்தாலும் வடிவத்துக்கு நட்டமில்லை. கலைவதற்கு அங்கே வடிவம் என்று ஒன்று இல்லை. டைரோசின், கிளைசின், கிளைசின் அடங்கிய துண்டை டிரைட்டைல் ரெசினில் கட்டி, 1 சதவீத டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலத்தால் இறக்கினால், எஃப்மாக்கும் பியூட்டைலும் மேலே இருக்க கார்பாக்சில் மட்டும் திறந்து வரும். அதைக் கார்பாக்சில் மூடிய ஃபினைல்அலனின் லூசினோடு சேர்க்கலாம்.