நாடித்துடிப்பைக் குறைக்கும் ஐவபிரடீன்: இந்த மாத்திரை யாருக்கு? யாருக்கு இல்லை?

ஹட்டன் பக்கம் இருக்கும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். வாப்பாவுக்கு 61 வயது. டவுனில் துணிக்கடை நடத்துகிறார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஹார்ட் அட்டாக் வந்தது. அதற்குப் பிறகு எடுத்த எக்கோவில் ஈ.எப். 28 சதவீதம் என்று எழுதியிருந்தது. போன வருடம் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோர்த்து, ஒரு வாரம் வைத்தியசாலையில் இருந்தார். இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார், மாத்திரைகளையும் தவறாமல் எடுக்கிறார். ஆனாலும் மகள் கேட்கிறாள்: "டொக்டர், வாப்பாட நாடி சும்மா இருக்கும்போதும் 84ல நிக்குது. அது பரவாயில்லையா?"

கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சில நேரம் ஐவபிரடீன் என்ற மாத்திரையாக இருக்கும். பல நேரம் அப்படி இருக்காது. எப்போது எது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

84 என்பது சுகதேகியான ஒருவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. பலவீனப்பட்ட இதயத்தில் கணக்கு மாறுகிறது. நிமிடத்துக்கு 60 தடவை துடித்தால் ஒரு துடிப்புக்கு ஒரு முழு வினாடி கிடைக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதயம் சுருங்கும் நேரம். மிச்சம் அது விரிந்து இரத்தத்தால் நிரம்பும் நேரம். இதயத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்வதும் அந்த விரியும் நேரத்தில்தான். துடிப்பு 90 ஆனால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.67 வினாடி. சுருங்கும் நேரம் பெரிதாகக் குறைவதில்லை, ஓய்வு நேரம்தான் வெட்டுப்படுகிறது. ஒரு நாளைக்குப் பார்த்தால் 60க்கும் 90க்கும் இடையில் 43,200 துடிப்புகள் வித்தியாசம். ஏற்கனவே களைத்துப்போன தசைக்கு அது பெரிய சுமை.

துடிப்பின் வேகத்தை நிர்ணயிப்பது இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு என்ற சிறிய இடம். அங்குள்ள கலங்கள் யாரும் சொல்லாமலே, தாமாகவே மின்சாரத்தை உண்டாக்குகின்றன. ஒரு துடிப்பு முடிந்து கலம் அடங்கியதும், மெல்லியதொரு மின்னோட்டம் உள்ளே கசியத் தொடங்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஓர் எல்லையைத் தாண்டியதும் அடுத்த துடிப்பு பிறக்கும். கசிவு வேகமாக இருந்தால் துடிப்பும் வேகம்.

1979ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்டில் டாரியோ டிஃபிரான்செஸ்கோ, ஹிலரி பிரவுன், சூசன் நோபிள் ஆகியோர் இந்த மின்னோட்டத்தைப் பற்றி எழுதினார்கள். இதயக் கலங்களில் அதுவரை நன்கு அறியப்பட்டிருந்த மின்னோட்டங்கள் பெரும்பாலும் கலம் கிளர்ந்தெழும்போது திறந்தன. இதுவோ தலைகீழாக, கலம் அடங்கிய பின்னர் திறந்தது. அதனால் 'ஃபன்னி கரண்ட்' என்று பெயர் வைத்தார்கள். விசித்திரமான மின்னோட்டம் என்று சொல்லலாம். வேடிக்கையாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

ஐவபிரடீன் செய்வது இந்தக் கசிவுக் குழாய்க்குள் போய் அதைப் பாதி அடைப்பதுதான். குழாய் திறக்கும்போதுதான் மருந்து உள்ளே போகமுடியும். துடிப்பு வேகமாக இருந்தால் குழாய் அடிக்கடி திறக்கும், ஆகவே மருந்தின் வேலையும் அதிகமாகும். துடிப்பு குறையக் குறைய மருந்தின் பிடியும் தளரும். இன்னொரு விசேஷம், இது பிரஷரைக் குறைப்பதில்லை, இதயம் சுருங்கும் பலத்தையும் குறைப்பதில்லை. பிஸோப்ரோலோல், கார்வெடிலோல் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும், ஆனால் அவை பிரஷரையும் இறக்கும்.

அப்படியென்றால் பீட்டா மாத்திரையை விட்டுவிட்டு இதை எடுக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். அங்கேதான் தவறு. பீட்டா தடுப்பு மாத்திரைகள் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் ஆயுளை நீட்டுகின்றன என்பது பல பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது. ஐவபிரடீனுக்கு அப்படியொரு நிரூபணம் இல்லை. அதை முக்கியமாகச் சோதித்தது 2010இல் வெளியான ஷிஃப்ட் என்ற ஆய்வு. இந்தியா உட்பட 37 நாடுகளில் 6,500க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் இருந்தார்கள். ஐவபிரடீன் எடுத்தவர்களின் துடிப்பு ஒரு மாதத்தில் சராசரியாக 80இலிருந்து 64ஆக இறங்கியது. ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கவனித்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 29 பேர் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தார்கள் அல்லது இதயச் செயலிழப்பு மோசமாகி வைத்தியசாலையில் சேர்ந்தார்கள். ஐவபிரடீன் எடுத்தவர்களில் அது 24 பேர். இந்தப் பலன் பெரும்பாலும் வைத்தியசாலைக்குப் போவது குறைந்ததால் வந்தது. மொத்த மரண எண்ணிக்கையில் நம்பத்தகுந்த வித்தியாசம் வரவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் அளவில் பீட்டா மாத்திரை எடுத்தார்கள், ஆனால் முழு அளவை எட்டியவர்கள் நான்கில் ஒருவர்தான். பீட்டா மாத்திரையை நல்ல அளவில் எடுத்தவர்களிடம் ஐவபிரடீனின் கூடுதல் பலன் சிறியதாகவே தெரிந்தது. என்னுடைய அபிப்பிராயத்தில் இந்த மாத்திரையைப் பற்றி நினைவில் வைக்கவேண்டிய விஷயம் இதுதான். 2.5 மில்லிகிராம் பிஸோப்ரோலோலில் பல மாதங்களாக நிற்கும் ஒருவருக்கு, அதை 5க்கோ 10க்கோ கூட்டிப் பார்க்காமலே புதிய மாத்திரை எழுதுவது முதல் படியை விட்டு இரண்டாவது படியில் கால் வைப்பது போலாகும்.

இப்போது ஹட்டன் வாப்பாவிடம் வருவோம். அவருக்குப் பொருந்துமா என்று பார்க்க வைத்தியர் கிளினிக் கொப்பியைப் புரட்டுகிறார். ஈ.எப். 28 சதவீதம். 35 அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும், இருக்கிறது. ஈ.சி.ஜி.யில் துடிப்பு சைனஸ் கணுவிலிருந்து ஒழுங்காக வருகிறது. ஓய்வில் துடிப்பு 84, ஆகவே 70க்கு மேல். ஐரோப்பாவின் உரிமத்தில் இந்த எல்லை 75, அமெரிக்காவில் 70. எதில் பார்த்தாலும் இவர் உள்ளே வருகிறார். கடைசியாகப் பீட்டா மாத்திரை. பிஸோப்ரோலோல் 5 மில்லிகிராமில் இருக்கிறார். 7.5க்குக் கூட்டியபோது பிரஷர் 88க்கு இறங்கி, கடையில் எழுந்து நிற்கும்போதே தலைசுற்றியது. திரும்பவும் 5க்குக் கொண்டுவந்ததும் பிரஷர் 104க்கு ஏறியது. அவரால் தாங்கக்கூடிய அளவு அதுதான். மற்ற இதயச் செயலிழப்பு மாத்திரைகளும் ஓடுகின்றன. ஆகவே இவர் தகுதியானவர்.

5 மில்லிகிராம், காலையும் இரவும், சாப்பாட்டோடு. வயது 75ஐ எட்டியவராக இருந்தால் 2.5இல் தொடங்குவார்கள். இரண்டு வாரம் கழித்து நாடி 71. 60க்கு மேல் இருப்பதால் 7.5க்குக் கூட்டினார்கள். அடுத்த மாதம் 62. பிரஷர் மாறவில்லை, மேட்டில் ஏறும்போது முன்பைவிட ஒரு தடவை குறைவாக நின்று மூச்சு வாங்குகிறார். இனி நாடி 50க்கும் 60க்கும் இடையில் வந்தால் அதே அளவு தொடரும். 50க்குக் கீழே இறங்கினாலோ, மயக்கம் வந்தாலோ குறைக்கவேண்டும் அல்லது நிறுத்தவேண்டும்.

அதே கிளினிக் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ராத்தாவை நினையுங்கள். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர். நாடி 110, அதுவும் ஒழுங்கில்லாமல் ஒரு தடவை வேகமாக, ஒரு தடவை தாமதமாக. அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அவருடைய துடிப்பை இப்போது சைனஸ் கணு நடத்தவில்லை, மேலறை முழுவதும் தாறுமாறான மின்சாரம் ஓடுகிறது. கடிவாளம் கையில் இல்லாத வண்டிக்காரனிடம் மெதுவாகப் போகச் சொல்லி என்ன பயன்? ஐவபிரடீன் அவருக்கு உதவாது. ஐவபிரடீன் எடுப்பவர்களிடம் இந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் புதிதாக வருவதும் சற்று அதிகம். ஆகவே வாப்பாவின் நாடி திடீரென்று ஒழுங்கு தவறினால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும்.

தோட்டங்களில் அடிக்கடி காண்பது வேறு. கொழுந்து பறிக்கும் பெண், நாடி 100, படபடப்பு. எக்கோ எடுத்தால் இதயம் நன்றாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 8. இரத்தசோகையால் வேகமாகத் துடிக்கும் இதயத்தை மாத்திரையால் அடக்குவது தீர்வல்ல, இரும்புச்சத்துதான் அவருக்கு மருந்து. தைரொயிட் கூடினாலும் இதே கதை. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது.

பக்க விளைவுகளில் ஒன்று புதுமையானது. கண்ணின் விழித்திரையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த குழாய்கள் இருக்கின்றன. அதனால் சிலருக்கு வெளிச்சம் திடீரென்று மாறும்போது பார்வையின் ஒரு பக்கம் பளிச்சென்று மின்னும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் தொடங்கும், கண்ணுக்குக் கேடில்லை. ஆனால் நுவரெலியா வளைவுகளில் இரவில் வேன் ஓட்டுகிறவருக்கு எதிரே வரும் லைட் அப்படி மின்னினால் ஆபத்து. முதல் வாரங்களில் இரவுச் சாரத்தியத்தைத் தவிர்ப்பது நல்லது.

அதைவிடப் பெரிய ஆபத்து பாமசியில் இருக்கிறது. சளி, இருமல் என்று கிளரித்ரோமைசின் வாங்கிப் போட்டால், அது ஐவபிரடீனைக் கல்லீரல் உடைப்பதைத் தடுத்துவிடும். இரத்தத்தில் மருந்து ஏறி, நாடி அபாயகரமாக இறங்கலாம். பங்கசுத் தொற்றுக்குக் கொடுக்கும் கீட்டோகொனசோல், இட்ராகொனசோல் மாத்திரைகளும் அப்படியே. பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கும் டில்டியாசெம், வெரபமில் இதோடு சேரவே கூடாது. எந்த மருந்து வாங்கினாலும் கிளினிக் கொப்பியைக் காட்டி வாங்குங்கள்.

நோன்பு காலத்தில் இந்த மாத்திரையை எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். சஹரிலும் நோன்பு திறந்த பின்னரும் சாப்பாட்டோடு எடுத்தால் இரண்டு வேளை சரியாகவே வரும், மாத்திரை ஒரு தடையில்லை. தடையாக இருப்பது நோய். ஈ.எப். 28இல், போன வருடம் நீர் கோர்த்து வார்டில் கிடந்தவர், நீர் மாத்திரையும் எடுத்துக்கொண்டு பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரில்லாமல் இருந்தால் பிரஷரும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.

நாடி எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிழையான எண்ணிக்கையால் பிழையான அளவு எழுதப்படுகிறது. படி ஏறி வந்த உடனேயோ, சாயத்தேநீர் குடித்த உடனேயோ எண்ணக்கூடாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும். பெருவிரலுக்கு நேரே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கு தவறுவது தெரியாமல் போகும். ஒரே நேரத்தில் மூன்று நாட்கள் எண்ணி, திகதியோடு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.