உஷார்! ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒட்டும்போது ஒரு வரி காணாமல் போகலாம்

பணம் கட்டியதற்கு ஆதாரம், வாட்ஸ்அப்பில் பேசியதற்குச் சாட்சி, ஆர்டர் விவரம் என எதைக் கேட்டாலும் இன்று ஸ்கிரீன்ஷாட்தான். பட்டியல் நீளமாக இருந்தால் நான்கைந்து படம் எடுத்து, ஒட்டித் தரும் ஆப் ஒன்றில் போட்டு, ஒரே நீளப் படமாக்கி அனுப்பிவிடுகிறோம். அந்தப் படம் பார்க்க அழகாக, எந்த ஒட்டும் தெரியாமல் இருக்கும். ஆபத்தும் அங்கேதான். நடுவில் ஒரு வரி விழுந்துபோயிருந்தாலும் அந்தப் படம் அதே அழகோடுதான் இருக்கும்.

ஆண்ட்ராய்டு 12 முதல், திரையை நகர்த்தி நகர்த்தி ஒரே படமாக எடுக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. ஆனால் எல்லா ஆப்பிலும் அது வேலை செய்யாது. ஆண்ட்ராய்டின் வழக்கமான பட்டியல் முறையைப் பயன்படுத்தாமல் தன் திரையைத் தானே வரைந்துகொள்ளும் ஆப்களில் அந்தப் பட்டனே வராது. ஐபோனில் சஃபாரியில் ஒரு முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக எடுக்கலாம். வாட்ஸ்அப் உரையாடலில் அது நடக்காது. அப்போதுதான் தனித்தனியாக எடுத்து ஒட்டும் வேலை நம் தலையில் விழுகிறது.

54,000 எப்படி 52,000 ஆனது?

ஒருவர் 54,000 ரூபாய் கைமாற்று வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் யூபிஐ மூலம் 2,000 ரூபாய் அனுப்பி, 27 வாரத்தில் கட்டி முடித்துவிட்டார். கொடுத்தவரோ, "ஒரு தவணை வரவில்லையே" என்கிறார். இவர் அந்தப் பெயரைத் தேடிப் பட்டியலைத் திறந்து, நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டி அனுப்புகிறார். அவர் எண்ணிப் பார்த்தால் அதில் 26 வரிகள்தான் இருக்கின்றன. கட்டிய மனிதரே, தான் கட்டவில்லை என்பதற்குச் சாட்சியைத் தயாரித்துக் கொடுத்துவிட்டார்!

நடந்தது இதுதான். இவருடைய திரையில் ஒரு நேரத்தில் 9 வரிகள் தெரியும். ஒவ்வொரு முறையும் 6 வரி நகர்த்தி, முந்தைய படத்தின் கடைசி 3 வரிகள் அடுத்த படத்திலும் வரும்படி கவனமாகத்தான் எடுத்தார். ஆகவே முதல் படத்தில் 1 முதல் 9 வரை. இரண்டாவதில் 7 முதல் 15 வரை. தவறு இவருடையது அல்ல.

ஒட்டும் ஆப்புக்குப் படிக்கத் தெரியாது. முதல் படத்தின் அடிப்பகுதியும் இரண்டாம் படத்தின் மேல்பகுதியும் எங்கே பொருந்துகின்றன என்று பிக்ஸல்களை ஒப்பிட்டுத் தேடும், அவ்வளவுதான். படம் சேமிக்கப்படும்போது ஏற்படும் சின்னச் சின்ன நிற வேறுபாடுகளால் தடுமாறக் கூடாது என்பதற்காக, கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் "பொருந்துகிறது" என்று எடுத்துக்கொள்ளும்படியே பல ஆப்கள் அமைக்கப்பட்டிருக்கும். இவருடைய பட்டியலில் எல்லா வரியும் ஒரே பெயர், ஒரே தொகை, ஒரே அடையாள வட்டம். மாறுவது சின்ன எழுத்தில் இருக்கும் தேதி மட்டும். ஜூன் 8-க்கும் ஜூன் 15-க்கும் இடையே மாறும் பிக்ஸல்கள் மிகக் கொஞ்சம். அதனால் உண்மையில் 3 வரிகள் பொதுவாக இருக்க, ஆப் 4 வரிகள் பொதுவானவை என்று முடிவுகட்டலாம். அப்படிக் கட்டினால் முதல் படத்தை 9-ஆம் வரி வரை வைத்துக்கொண்டு, இரண்டாவதை 11-ஆம் வரியிலிருந்து சேர்க்கும். பத்தாவது வரி போயே போச்சு.

தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். பொதுவான வரிகள் 2 தான் என்று ஆப் எடுத்துக்கொண்டால் 9-ஆம் வரி இரண்டு முறை வரும். ஒரே தேதியில் ஒரே தொகை இரண்டு தடவை நிற்பதைப் பார்ப்பவர், "எடிட் செய்திருக்கிறார்" என்றுதான் நினைப்பார். மற்ற 26 வரிகளையும் அதன்பின் யார் நம்புவார்?

வேகமாகத் தள்ளிப் பொதுவான வரியே இல்லாமல் எடுத்துவிட்டால் இன்னும் மோசம். சில ஆப்கள் எச்சரிக்காமல், இரண்டு படங்களையும் அப்படியே ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துவிடும்.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு ஒட்டிலும், பொதுவான பகுதிக்குள் வேறெங்கும் வராத ஏதாவது ஒன்று இருக்கட்டும். மாதத் தலைப்பு, வேறு தொகை உள்ள ஒரு வரி, உரையாடலில் ஒரு நீளமான செய்தி அல்லது புகைப்படம் என எதுவானாலும் சரி. "சரி", "சரி", "அனுப்பிட்டேன்" என்று ஒரே மாதிரிச் செய்திகள் வரும் இடத்தில் படத்தை முடிக்காதீர்கள். கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும்.

விரலை எடுத்தவுடன் பொத்தானை அழுத்தாமல் ஓரிரு விநாடி பொறுங்கள். நகரும்போது ஓரத்தில் வரும் ஸ்க்ரோல் கோடு மறையட்டும். வாட்ஸ்அப்பில் நகர்த்தும்போது மேலே ஒரு தேதிப் பட்டை மிதந்து வரும். அது மறைவதற்குள் எடுத்து ஒட்டினால், அந்தத் தேதி உரையாடலின் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் பேசியது வேறொரு நாள் பேசியதாகத் தெரியும். பணத் தகராறிலும் குடும்ப வழக்கிலும் இது சின்ன விஷயமல்ல.

பட்டியல் முழுவதும் ஏறியதும் விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள். புதியது மேலே வரும் பட்டியலில், நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பரிவர்த்தனை வந்தால் எல்லா வரியும் ஒரு படி கீழே இறங்கிவிடும். உங்கள் கணக்கு குழம்பிப்போகும்.

ஆப்பை நம்பாமல் கையால் ஒட்டுவது எப்படி?

முக்கியமான ஆதாரம் என்றால் ஆப்பிடம் விடாதீர்கள். கணிப்பொறியில் நீங்களே வெட்டி ஒட்டலாம். தேவையானது ஒரு கழித்தல் கணக்கு மட்டுமே. மேலே சொன்னவரின் படங்களையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 1080 பிக்ஸல் அகலம், 2400 உயரம். மேலே 360 பிக்ஸல் ஆப்பின் தலைப்பு, கீழே 240 பிக்ஸல் பட்டன்கள். நடுவில் தலா 200 பிக்ஸல் உயரத்தில் 9 வரிகள்.

இரண்டு படங்களிலும் இருக்கும் ஒரு தேதியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பெயின்ட்டில் படத்தைத் திறந்து, அந்தத் தேதியின் மேல் சுட்டியை வைத்தால் அது இருக்கும் இடம் அடியில் எண்ணாகத் தெரியும். ஏழாம் வரியின் தேதி முதல் படத்தில் 1640-லும் இரண்டாம் படத்தில் 440-லும் இருக்கிறது என்றால், வித்தியாசம் 1200. திரை அவ்வளவு நகர்ந்திருக்கிறது. இரண்டாம் படத்தில் புதிதாக வந்ததும் அந்த 1200 பிக்ஸல்தான். பட்டியலின் அடி 2160-இல் முடிகிறது. அதிலிருந்து 1200-ஐக் கழித்தால் 960. ஆகவே இரண்டாம் படத்தில் 960-லிருந்து 1200 பிக்ஸல் உயரத்தை மட்டும் வெட்டிச் சேர்க்க வேண்டும். இலவச மென்பொருளான இமேஜ்மேஜிக்கில் இது இப்படி:

```
magick 1.png -crop 1080x2160+0+0 +repage a.png
magick 2.png -crop 1080x1200+0+960 +repage b.png
magick 3.png -crop 1080x1200+0+960 +repage c.png
magick 4.png -crop 1080x1200+0+960 +repage d.png
magick a.png b.png c.png d.png -append full.png
```

இங்கே மூன்று முறையும் ஒரே அளவு நகர்ந்ததால் எண்கள் ஒன்றாக இருக்கின்றன. உங்கள் விரல் அவ்வளவு சீராக நகராது. பட்டியல் முடியும் கடைசிப் படத்தில் நகர்வு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எனவே ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாகக் கழித்துப் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் சோதனை

உயரத்தைக் கணக்கிடுங்கள். 360-உடன் 27 முறை 200-ஐக் கூட்டினால் 5760. ஒட்டிய படத்தின் உயரம் 5560 என்று வந்தால் ஒரு வரி விழுந்துவிட்டது. 5960 என்றால் ஒன்று இரட்டித்துவிட்டது. ஆப் ஒட்டிய படத்தையும் இப்படிச் சோதிக்கலாம். அடியில் உள்ள பட்டன்களையும் அது விட்டுவைத்திருந்தால் 240-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் சரியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஓர் ஒட்டில் ஒரு வரி விழுந்து, இன்னொன்றில் ஒரு வரி இரட்டித்திருந்தாலும் மொத்தம் சரியாகத்தான் வரும். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஒட்டுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு தேதிகளைப் படியுங்கள். ஜூன் 22-க்குக் கீழே ஜூன் 15, அதற்குக் கீழே ஜூன் 8 என்று வாரம் தவறாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். மூன்று ஒட்டுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

எங்கே ஒட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம்

இணையத்தில் இலவசமாக ஒட்டித் தருவதாகச் சொல்லும் தளங்களில் பலவும் உங்கள் படங்களைத் தங்கள் சர்வருக்கு ஏற்றிக்கொள்பவை. அந்தப் படங்களில் உங்கள் யூபிஐ முகவரி, கைபேசி எண், கணக்கின் கடைசி இலக்கங்கள், யாருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்பது அத்தனையும் இருக்கின்றன. "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று அழைத்து, உங்கள் கடைசிப் பரிவர்த்தனையைச் சரியாகச் சொல்லி நம்பவைக்க ஒரு மோசடிக்காரருக்கு அது போதும். பணம், மருத்துவம், குடும்பம் சார்ந்த படங்களை இணையம் தேவைப்படாத வழியில் மட்டும் ஒட்டுங்கள்.

மூலப் படங்களை அழிக்காதீர்கள்

ஒட்டி முடித்ததும் இடம் அடைக்கிறதென்று தனிப் படங்களை அழித்துவிடுவது பலருக்கும் வழக்கம். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒட்டிய படம் நீங்கள் தயாரித்தது; போன் பதிவு செய்தது தனிப் படங்களைத்தான். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை ஆதாரமாகத் தரும்போது சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஒரு பிக்ஸல் மாறினாலும் மாறிவிடும் எண் அது. வெட்டி ஒட்டிய படத்தின் ஹாஷ், மூலப் படத்தின் ஹாஷோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. எனவே மூலப் படங்களும், அவற்றை எடுத்த போனும், அதிலிருக்கும் உரையாடலும் பத்திரமாக இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பினால் நீளப் படம் சுருங்கி, தேதிகள் படிக்க முடியாமல் போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

தொகை பெரிது, அல்லது எதிரே இருப்பவர் தகராறுக்குத் தயார் என்றால் ஒட்டவே வேண்டாம். நான்கு படங்களையும் வரிசை எண்ணோடு நான்கு பக்க பிடிஎஃப் ஆக்குங்கள்; பொதுவான மூன்று வரிகள் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வருவதே, இடையில் எதுவும் விடுபடவில்லை என்பதற்கு அத்தாட்சி. அதோடு வங்கிக் கணக்கு அறிக்கையையும் தரவிறக்கி இணைத்துவிடுங்கள். உங்கள் போனில் ஏற்கெனவே ஒட்டி அனுப்பிய படங்கள் இருந்தால் இன்றே திறந்து தேதிகளை எண்ணுங்கள். வரி குறைந்தால், எதிர்த் தரப்பு கேட்பதற்கு முன் நீங்களே சரியான படத்தை அனுப்பிவிடுங்கள்.