காலடி பட்டதும் விழிக்கும் படி விளக்குகள்

பதினான்கு படிகள் உள்ள மாடிப்படிக்கு ஒரு படி விட்டு ஒரு படி விளக்கு வைத்தால் ஏழு விளக்குகள் போதும். ஒன்று 1.5 வாட் என்றால் மொத்தம் 10.5 வாட். 12 வோல்ட்டில் இது ஒரு ஆம்பியருக்கும் குறைவு; 2 ஆம்பியர் டிரைவர் சூடேறாமல் தாங்கும்.

டிரைவரிலிருந்து வரும் பிளஸ் வயர், கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு 12 வோல்ட் பிஐஆர் சென்சார்களுக்கும் போக வேண்டும். இரண்டின் அவுட்புட்டையும் சேர்த்து விளக்குகளின் பிளஸ்ஸில் கொடுத்தால், எந்தப் பக்கம் ஆள் வந்தாலும் எல்லாம் எரியும். விளக்குகளைப் பேரலலாக இணைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும். ஒன்று மட்டும் எரியவில்லையா? அதில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்சாரை விளக்குக்கு நேரே வைக்கக் கூடாது. இருட்டா என்று பார்க்கும் சென்சார் அந்த வெளிச்சத்தையே பகலென்று நினைத்து அணைக்கும். இருட்டானதும் மீண்டும் போடும். விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தால் சென்சாரைத் திருப்பிவையுங்கள். தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரையே அது எளிதில் கண்டுகொள்ளும். அதனால் பக்கச்சுவரே அதற்கு ஏற்ற இடம்.

டிரைவருக்கு வரும் 230 வோல்ட் இணைப்பை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.