ஓடும் வண்டி திடீரென அணைந்தால் கில் ஸ்விட்சையும் பாருங்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பைக், யாரோ சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று அணைந்துவிடுகிறது. ஓரம் கட்டி செல்ஃப் அடித்தால் உடனே கிளம்புகிறது. பிறகு இரண்டு நாள் தொந்தரவே இல்லை. மூன்றாம் நாள் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதோ, மழையில் நனைந்த பிறகோ மறுபடியும் அதே கதை. மெக்கானிக்கிடம் விட்டால் அவர் முன்னால் மட்டும் ஒழுங்காக ஓடும். பிளக் மாறும், பேட்டரி மாறும், கார்புரேட்டரோ பம்போ கழுவப்படும். வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு நிற கில் ஸ்விட்ச் மீது மட்டும் சந்தேகம் கடைசியில்தான் வரும்.

இன்றைய பெரும்பாலான வண்டிகளில், சாவியைத் தாண்டி வரும் 12 வோல்ட் மின்சாரம் இந்த ஸ்விட்ச் வழியாகத்தான் இக்னிஷனுக்குப் போகிறது. எஃப்.ஐ. வண்டிகள் சிலவற்றில் பெட்ரோல் பம்புக்கும் இதே வழிதான். ஸ்விட்சுக்குள் இருப்பவை இரண்டு சிறிய தகடுகளும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டுமே. தகடுகள் ஒட்டியிருந்தால் இன்ஜின் ஓடும், விலகினால் நிற்கும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீர், மழை, தூசி எல்லாம் உள்ளே போய்த் தகடுகளில் பச்சைப் பாசிபோலக் களிம்பு ஏற்றுகின்றன. ஸ்பிரிங் தளர்ந்துபோனால் அதிர்விலேயே தகடுகள் ஒரு கணம் விலகிச் சேரும். அந்த ஒரு கணம் போதும், இன்ஜின் நிற்க.

இது கில் ஸ்விட்ச் கோளாறுதானா என்று வண்டி அணையும் விதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பெட்ரோல் வராமல் அணையும் வண்டி பொதுவாக இழுவை குறைந்து, திணறி, பிறகுதான் நிற்கும். கில் ஸ்விட்சால் அணையும் வண்டிக்குத் திணறலே கிடையாது. அடுத்ததாக மீட்டரைப் பாருங்கள். மீட்டர், ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்து செத்துப்போனால் சாவி ஸ்விட்ச், பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ் பக்கம் தேட வேண்டும். மீட்டர் எரிந்துகொண்டே இருக்க இன்ஜின் மட்டும் நின்றால் சந்தேகம் கில் ஸ்விட்சின் பக்கம் திரும்பும். சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் உள்ள வண்டிகளில் அதுவும் இப்படியே நிறுத்தக்கூடும் என்பதால் அதையும் கழுவித் துடைத்து, அசைத்துப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. திறந்த வெளியில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஓடவிடுங்கள். கில் ஸ்விட்சை ஆஃப் பக்கம் முழுதாகத் தள்ளாமல் விரலால் லேசாக அழுத்தி ஆட்டுங்கள். அடுத்து ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். ஸ்விட்சை ஆட்டும்போது இன்ஜின் தடுமாறினால் தகடுகளில் கோளாறு. திருப்பும்போது தடுமாறினால், ஹேண்டில்பாரின் கழுத்தருகே மடங்கி மடங்கி வயரின் செம்புக் கம்பிகள் உள்ளே அறுந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது புது ஸ்விட்ச் வாங்குமுன் வயரைத்தான் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்றிருக்கிறது. கப்ளரைக் கழற்றி, ஸ்விட்சை ரன்னில் வைத்து மீட்டரில் பீப் வந்தால் "ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிக மிகக் குறைந்த மின்சாரம். களிம்பு ஏறிய தகடுகூட அதைக் கடத்திவிடும். வண்டி ஓடும்போது நிலைமை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். களிம்பால் தகடுகளுக்கு இடையே அரை ஓம் தடை இருக்கிறது, இக்னிஷனும் பம்பும் சேர்ந்து 4 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 4-ஐ அரையால் பெருக்க, 2 வோல்ட் ஸ்விட்சிலேயே தொலைந்துவிடும். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தாலும் அந்தப் பக்கம் சேர்வது 10.5 வோல்ட்தான். அதிர்வில் தடை இன்னும் கூடும் கணத்தில் இன்ஜின் அணையும். அதே ஸ்விட்ச் மீட்டரில் பீப் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே இன்ஜின் ஓடும்போதே அளக்க வேண்டும். கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக ஸ்விட்சின் இரண்டு வயர்களிலும் மீட்டரின் ஊசிகளை வைத்து, டி.சி. வோல்ட்டில் பாருங்கள். ஊசிகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது. நல்ல ஸ்விட்சில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டினாலோ, ஸ்விட்சைத் தட்டும்போது எண் குதித்தாலோ திருடன் பிடிபட்டான்.

பழைய கார்புரேட்டர் வண்டிகள் சிலவற்றில் வேலை தலைகீழ். அங்கே ஸ்விட்சை ஆஃப் செய்தால் சி.டி.ஐ.யிலிருந்து வரும் வயர் எர்த்தில் சேர்ந்து இன்ஜின் நிற்கும். அந்த வயரின் தோல் உரிந்து சேசிஸில் உரசினாலும் ஓடும் வண்டி அணையும். அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து, கோளாறு மறைந்தால் காரணம் அதுதான். உங்கள் வண்டி எந்த வகை என்று வயரிங் படத்தில் பார்க்காமல் எந்த வயரையும் எர்த்தில் சேர்க்காதீர்கள். முதல் வகையில் அப்படிச் செய்தால் ஃபியூஸ் போய்விடும்.

மாற்றுவதற்கு முன் ஒருமுறை சுத்தம் செய்து பார்க்கலாம். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து ஸ்விட்சைப் பலமுறை அசைக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றினால் பிளாஸ்டிக் கெடும். தகடு அரித்துப்போயிருந்தாலோ, "டிக்" என்ற பிடிப்பு போய்விட்டாலோ சுத்தம் செய்தும் பலனில்லை. மாற்றத்தான் வேண்டும்.

கில் ஸ்விட்ச் பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது, வலது பக்க ஸ்விட்ச் செட்டாகத்தான் வரும். மாடலோடு வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய், கப்ளரின் உருவத்தையும் பின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பழைய வயர் போகும் வழியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்ளர் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ டேங்குக்கு அடியிலோ இருக்கும். அதைப் பிரித்து, ஸ்விட்சின் அடிப்பக்க ஸ்குரூக்களைக் கழற்றினால் வீடு இரண்டாகப் பிரியும். பல வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிளும் இதே வீட்டுக்குள்தான் வந்து மாட்டும் என்பதால் கேபிள் முனையைக் கவனமாக எடுக்க வேண்டும். புது ஸ்விட்சில் உள்ள சிறு மேடு, ஹேண்டில்பாரில் இருக்கும் துளையில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்று அதைச் சீவி எறிந்தால் ஸ்விட்ச் செட்டே கைப்பிடியில் சுற்றும். வயர் பழைய வழியிலேயே போகட்டும், ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பினாலும் இறுகாத அளவுக்குத் தளர்வு இருக்கட்டும்.

பூட்டி முடித்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள், தானாக மூடிக்கொள்ள வேண்டும். இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஹேண்டில்பாரைத் திருப்பும்போது வேகம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் ரோட்டில் இறங்கக்கூடாது. செல்ஃபும், முன் பிரேக்கைப் பிடித்தால் பின் விளக்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாகப் பழைய சோதனை: ஓடும் நிலையில் ஸ்விட்சை ஆட்டுங்கள், வோல்ட் அளவுங்கள். 0.2-க்குள் நிலையாக நின்றால் வேலை முடிந்தது.

ரோட்டில் நின்றுவிட்ட அவசரத்தில் சில மெக்கானிக்குகள் இரண்டு வயர்களையும் முறுக்கி ஒன்றுசேர்த்து, கில் ஸ்விட்சையே விலக்கிவிடுவார்கள். வீடு போய்ச் சேர அது போதும். அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கி வண்டி வேகமெடுக்கும்போதோ, கீழே விழுந்தும் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதோ, கையை ஹேண்டிலிலிருந்து எடுக்காமலே இன்ஜினை நிறுத்தத் தேவைப்படுவது அந்த ஸ்விட்ச்தான்.