ஜெயித்த பணம் ஏன் கைக்கு வரவில்லை?

2017 மே மாதம் போக்கர்ஸ்டார்ஸ் தளம் இணையத்தில் நடத்திய சீட்டாட்டத் தொடரின் ஒரு போட்டியில் கார்டன் வேயோ என்ற அமெரிக்கர் முதலிடம் பிடித்தார். பரிசு சுமார் 6,92,000 டாலர். முந்தைய ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர் அவர். அவருடைய ஆட்டத் திறமையைத் தளம் கேள்வி கேட்கவில்லை. எங்கே உட்கார்ந்து ஆடினார் என்றுதான் கேட்டது. பதில் திருப்தி தராததால் பணத்தைக் கொடுக்க மறுத்தது.

இணையச் சூதாட்டத் தளம் எந்த நாட்டில் இயங்கலாம் என்பதை அதன் உரிமம் தீர்மானிக்கிறது. 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்த பிறகு, போக்கர்ஸ்டார்ஸ் தன் சர்வதேசத் தளத்தில் அமெரிக்க மண்ணிலிருந்து பணம் வைத்து ஆடுவதை நிறுத்திவிட்டது. அமெரிக்கக் குடிமக்கள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் அங்கிருந்து ஆடலாம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். வேயோவும் தான் கனடாவிலிருந்தே ஆடியதாகச் சொன்னார். அமெரிக்காவில் இருந்துகொண்டு வி.பி.என். மூலம் இடத்தை மறைத்தார் என்று தளம் சந்தேகித்தது.

வி.பி.என். போட்டால் நம் இணைப்பு வேறொரு ஊரிலுள்ள சர்வர் வழியாகப் போகும். தளத்துக்கு அந்த ஊரின் ஐ.பி. முகவரிதான் தெரியும். ஆனால் மாறுவது அந்த முகவரி மட்டும்தான். கணினியின் நேர மண்டலம், சுற்றியிருக்கும் வைஃபை இணைப்புகள், செல்போனின் ஜி.பி.எஸ். எல்லாம் பழைய ஊரையே காட்டலாம். தவிர, வி.பி.என். நிறுவனங்களின் ஐ.பி. முகவரிகளைத் தொகுத்து விற்பவர்கள் உண்டு. வீட்டு இணைப்பில் வராமல் சர்வர் மையத்திலிருந்து ஒருவர் வந்தால், அந்தப் பட்டியல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒளிக்க எதுவுமே இல்லாதவர், அலுவலக வேலைக்காகப் போட்ட வி.பி.என்.னை அணைக்க மறந்தால்கூட இதே சிக்கல்தான்.

வேயோ 2018-இல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். தோற்றால் பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள், ஜெயித்தால் மட்டும் இடத்தைக் காரணம் காட்டி மறுக்கிறார்கள் என்பது அவர் வாதம். அவர் கொடுத்த ஆவணங்கள் போலி என்று தளம் பதிலுக்குக் குற்றம் சாட்டியது. வழக்கை அவரே திரும்பப் பெற்றார். அந்தக் குறிப்பிட்ட வழக்கில் உண்மை எதுவாக இருந்தாலும், அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். பல தளங்கள் பணம் கட்டும்போது மேலோட்டமாகவும், பெரிய தொகையை எடுக்கும்போது துருவித் துருவியும் சோதிக்கின்றன. சந்தேகம் வந்த பிறகு, எங்கிருந்து ஆடினோம் என்று நிரூபிக்கும் சுமை ஆடியவர் தலையில்தான் விழுகிறது.

கருவியைப் பகிர்வதில் உள்ள ஆபத்து வேறு வகை. ஒருவருக்கு ஒரு கணக்கு என்பது ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் விதி. வரவேற்புச் சலுகையைப் பல தளங்கள் வீட்டுக்கு ஒன்று என்றே வைத்திருக்கின்றன. அனுமதி உள்ள ஒரு நாட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே மடிக்கணினியில் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளப் பதிப்பு, திரை அளவு, எழுத்துருக்கள் முதலிய விவரங்களைச் சேர்த்துத் தளம் அந்தக் கணினிக்கு ஓர் அடையாளம் உண்டாக்கி வைத்திருக்கும். இரண்டு கணக்கும் அதே அடையாளத்தோடு வந்தால், ஒரே ஆள் இரண்டு சலுகை வாங்கிவிட்டதாகத் தளம் எடுத்துக்கொள்ளும். இருவரும் ஒரே சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்தால் இன்னும் மோசம்: ஒருவர் கையிலுள்ள சீட்டை மற்றவர் பார்த்து ஆடியிருக்கலாம் என்ற சந்தேகம் எழும். தம்பி நேர்மையாக ஜெயித்த தொகையும் அதில் முடங்கும். பெரும்பாலும் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்கள், வென்றதைத் தரமாட்டார்கள். சில தளங்களின் விதி இரண்டையுமே பறிக்க இடம் கொடுக்கிறது.

தளங்கள் இதில் காட்டும் கடுமைக்குப் பின்னணி உண்டு. 2007-இல் போக்கர்ஸ்டார்ஸ் நடத்திய உலக இணையப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் முதலிடம் பெற்ற கணக்கு, பல கணக்கு விதியை மீறியதாகத் தகுதி இழந்தது. 12 லட்சம் டாலருக்கு மேலான அந்தப் பரிசு அடுத்த இடங்களில் இருந்தவர்களுக்குப் போனது. ஒருவர் விதி மீறினால் ஏமாறுவது மேசையில் இருக்கும் மற்றவர்கள் என்பதைத் தளங்கள் பிறகு மறக்கவில்லை.

ஒரே வீட்டில் இருவர் ஆடுவதாக இருந்தால் கணக்குத் திறக்கும் முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். வெளிநாட்டுக்குப் போய் ஆடுபவர் விமானச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், அந்த ஊர்க் கடை ரசீது ஆகியவற்றைத் தேதியோடு வைத்திருக்க வேண்டும். பணம் மறுக்கப்பட்டால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, தளத்துக்கு உரிமம் கொடுத்த ஆணையத்திடம் முறையிடலாம்.

இந்தியாவிலிருந்து வி.பி.என். போட்டு வெளிநாட்டுத் தளத்தில் ஆடுபவருக்கு அந்த வழியும் அநேகமாக அடைபட்டதுதான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு முன்பிருந்தே சொல்லிவருகிறது.